வாழ்த்து ஒரு தாள், பாக்கி ஒரு தாள்

கடலூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் கடிதப் பிரிவில் 31 ஆண்டுகள் இருந்தேன். பொங்கலுக்கு முந்தைய இந்த வாரத்தில் வந்த கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்த அளவில் பதில் தருகிறேன்.

மஞ்சக்குப்பம், மோட்டார் பைப் கடை: பொங்கலுக்கு 63 செய்திகள் அனுப்ப வேண்டும். 41 வாழ்த்து, 14 பாக்கி, திரும்பி வந்த செக் ஒன்று, ஊழியர்களுக்கு இரண்டு, சரக்கு தருபவர்களுக்கு ஐந்து. எல்லோருமே அப்பாவுக்குப் பழக்கமானவர்கள். எதை அன்பாக எழுதுவது, எதை முறையாக எழுதுவது?

அம்மா, பழக்கத்தை வைத்துப் பிரித்தால் 63-ம் அன்புக் கடிதமாகிவிடும். அந்தத் தாள் நாளை யார் கைக்குப் போகும் என்று பாருங்கள். வாங்கியவர் படித்து மடித்து வைப்பதோடு முடிகிறதா, அன்பு இருக்கட்டும். கணக்குத் தணிக்கையாளரோ வக்கீலோ நீதிமன்றமோ அதைப் பிரித்துப் பார்க்க வாய்ப்பு உண்டா, முழு முறை வேண்டும். அந்தக் கடிதத்திலிருந்து ஏதாவது ஒரு கெடு ஓடத் தொடங்குகிறதா, அதில் ஓர் அன்புச் சொல்கூட வேண்டாம்.

உங்கள் கட்டில் அப்படிக் கெடு ஓடுவது திரும்பி வந்த காசோலை ஒன்றுதான். அதை முதலில் வெளியே எடுத்துத் தனியாக வையுங்கள். வங்கியின் மெமோ ஜனவரி 6 அன்று கையில் கிடைத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். பணம் கேட்கும் எழுத்து அறிவிப்பு அதிலிருந்து 30 நாளுக்குள், அதாவது பிப்ரவரி 5-க்குள் போக வேண்டும். அது அவர் கைக்குக் கிடைத்த பிறகு பணம் கட்ட அவருக்கு 15 நாள். அதிலும் கட்டவில்லை என்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள் நீங்கள் நீதிமன்றம் போகலாம். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு சொல்லும் வழி இது.

நீங்கள் எழுதி வைத்திருக்கும் வரி: 'அண்ணே, வெள்ளத்தில் கஷ்டம் என்று தெரியும், மெதுவாகப் பார்த்துக் கொடுங்கள்.' மனதுக்கு நல்ல வரிதான். ஆனால் இது பணம் கேட்கவில்லை, தவணை கொடுக்கிறது. நாளை அவர் வக்கீல் இதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார். அறிவிப்பில் காசோலை எண், தேதி, தொகை, வங்கி சொன்ன காரணம், மெமோ கிடைத்த நாள், 15 நாளுக்குள் கட்டக் கோருவது, இவ்வளவு போதும். பழைய பாக்கியையும் வட்டியையும் காசோலைத் தொகையோடு கூட்டி ஒரே எண்ணாகக் கேட்காதீர்கள். காசோலைத் தொகை தனியே தெரிய வேண்டும். ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு, ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள்.

20 ஆண்டுப் பழக்கம் என்கிறீர்கள். அதற்கு உரிய மரியாதை, தபால் போகும் முன் அப்பா அவர் வீட்டுக்கு நேரில் போய், 'இப்படி ஒரு கடிதம் வரும், கெடுவுக்காக அனுப்புகிறோம்' என்று சொல்வது. அன்பை வாயால் சொல்லுங்கள், கடிதத்தில் கலக்காதீர்கள்.

அடுத்து 14 பாக்கி. டிசம்பர் முதல் வாரம் தென்பெண்ணை வெள்ளம் யார் யார் நிலத்தில் ஏறியது என்று உங்களுக்கே தெரியும். அவர்களுக்கு இந்த மாதம் பாக்கிக் கடிதமே வேண்டாம், நலம் விசாரித்து எழுதுங்கள். ஒரு விலக்கு மட்டும் உண்டு. கடனுக்குக் கொடுத்த சரக்குக்குப் பணம் கேட்டு வழக்குப் போட மூன்று ஆண்டுதான் காலம். 2022 ஏப்ரலில் கொடுத்த சரக்கு என்றால் 2025 ஏப்ரலோடு போயிற்று. அதற்குள் அவர் 'இவ்வளவு தர வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு புதிதாகத் தொடங்கும். அப்படிப்பட்ட கணக்குகளுக்கு இரண்டு தாள் அனுப்புங்கள். மேலே கையால் எழுதிய நான்கு வரி, அதில் எவ்வளவு அன்பும் இருக்கலாம். கீழே தனித்தாளில் பில் எண், தேதி, நிலுவை, கையெழுத்துக்கு இடம். அந்தத் தாளில் 'அன்பு' என்ற சொல்கூட வரக் கூடாது.

41 வாழ்த்தில் பாக்கியைப் பற்றி ஓர் எழுத்தும் வேண்டாம். ஏன் என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.

நெல்லிக்குப்பம், அரிசி மண்டி: வாழ்த்து அட்டையின் கீழே சின்ன எழுத்தில் நிலுவையைப் போட்டால் ஒரே தபால் செலவில் முடிந்துவிடுமே?

வேண்டாம். நான் வேலை பார்த்த இடத்தில் அப்படித்தான் செய்தோம். பெயர்ப் பட்டியலிலிருந்து கணினியே கடிதங்களை அச்சிடும், ஒவ்வொன்றின் கீழும் நிலுவைத் தொகை தானாக விழும். ஒரு வாடிக்கையாளர் இறந்தார். அவர் மனைவிக்கு எழுதிய இரங்கல் கடிதமும் அதே கட்டில் அச்சாகி, 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்பதற்குக் கீழே 'நிலுவை ரூ. 11,340' என்று போய்விட்டது. கட்டைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டவன் நான். அந்த அம்மா மூன்றாம் நாள் பணத்தை எண்ணிக் கொடுத்தனுப்பினார், கூடவே அந்தக் கடிதத்தையும் திருப்பி அனுப்பினார். அதன் பிறகு இரங்கல் கடிதம் எதையும் நான் கட்டில் விட்டதில்லை. ஒவ்வொன்றையும் கையால் எழுதினேன்.

பண்ருட்டி, முந்திரி வியாபாரம்: வாட்ஸ்அப் எல்லாம் சட்டத்துக்கு முன் நிற்காது. அதில் எப்படி எழுதினாலும் பரவாயில்லை, தபாலில் மட்டும் கவனமாக இருந்தால் போதும் என்று என் ஆடிட்டர் சொன்னார். சரிதானே?

பாதி சரி. காசோலை அறிவிப்பு போன்றவற்றைத் தபாலில் அனுப்புவதுதான் பாதுகாப்பு. ஆனால் வாட்ஸ்அப் நிற்காது என்பது தவறு. மின்னணுப் பதிவுகளை உரிய சான்றிதழோடு சாட்சியமாகக் காட்ட முன்பே வழி இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் 63-ஆம் பிரிவில் அது இருக்கிறது. நீங்கள் இரவு பத்து மணிக்கு 'சரி விடுங்க அண்ணே, அப்புறம் பார்த்துக்கலாம்' என்று அனுப்பியது, காலையில் அனுப்பிய முறையான கடிதத்தின் கால்களை வெட்டிவிடும்.

புதுச்சேரி, தமிழாசிரியர்: எல்லாக் கடிதத்திலும் 'தாங்கள்' போடுகிறார்கள். 'நீங்கள்' என்பதே மரியாதைப் பன்மைதான். 'தாங்கள்' எழுதினால் அன்பு செத்துவிடும் என்று மாணவர்களுக்குச் சொல்கிறேன். உங்கள் கருத்து?

இலக்கணம் நீங்கள் சொல்வதுதான் ஐயா. ஆனால் அன்பு அந்தச் சொல்லில் இல்லை. 'தாங்கள் போட்ட மோட்டார் தண்ணீரில் மூழ்கியதாகக் கேள்விப்பட்டேன், காயில் எரியாமல் இருக்கிறதா என்று பார்க்க நாளை ஆள் அனுப்புகிறேன்' என்று எழுதிப் பாருங்கள். 'தாங்கள்' இருந்தும் அன்பு குறையவில்லை. 'நீங்களும் உங்கள் குடும்பத்தாரும் எல்லா நலமும் பெற்று வாழ்க' என்பதில் 'நீங்கள்' இருந்தும் யாருக்கும் எதுவும் இல்லை. பெறுபவரைப் பற்றி ஒரு செய்தியாவது தெரிந்தால்தான் அது அன்புக் கடிதம். நான் கண்டிப்பாகச் சொல்வது வேறு: ஒரே கடிதத்தில் இரண்டும் மாறி மாறி வரக் கூடாது. அப்படி வந்தால், முறையான பழைய கடிதத்தின் நடுவே அன்பை வெட்டி ஒட்டியது அப்பட்டமாகத் தெரியும்.

நெல்லிக்குப்பம், ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்: ஆசிரியர் சொல்வது நகரத்துப் பேச்சு. எங்கள் ஊரில் பெரியவருக்கு 'நீங்கள்' என்று எழுதினால் முகம் சுருங்கும். எங்களுக்குத் 'தாங்கள்'தான் அன்பு.

இதையும் மறுக்க முடியவில்லை. 70 வயதைத் தாண்டியவர்களுக்கு நானும் 'தாங்கள்' என்றே எழுதுகிறேன்.

புதுச்சேரி, தமிழாசிரியர் மீண்டும்: வயதுக்கு ஒரு சொல் என்றால், பாக்கி வைத்த முதியவருக்குப் போகும் சட்ட அறிவிப்பில் எது?

'தாங்கள்'. சட்ட அறிவிப்பில் வயது பார்ப்பதில்லை, எல்லோருக்கும் ஒரே சொல். அன்புக் கடிதத்தில் மட்டும் ஊரும் வயதும் பார்க்கலாம். இதற்கு மேல் நீங்கள் இருவரும் நேரில் பேசுவது நல்லது. இன்று வந்த 19 கேள்வியில் 8 இந்த ஒரு சொல்லைப் பற்றியவை, மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

மஞ்சக்குப்பம், அதே கடை: வேலைக்கு வராத பையனுக்கு மெமோ கொடுக்கலாமா? 12 நாள் ஆகிறது. தந்தையை இழந்த இன்னொரு ஊழியருக்கு எப்படி எழுதுவது?

எத்தனை முறை போனில் அழைத்தீர்கள் என்று எழுதவில்லையே? வெள்ளம் வந்த ஊரில் 12 நாள் என்றால் முதலில் ஆள் அனுப்பிப் பாருங்கள். மெமோ ஒருமுறை போய்விட்டால் பிறகு எடுக்க முடியாது, அவரும் எழுத்தில்தான் பதில் தருவார், உறவு அந்த நடைக்கு மாறிவிடும். அன்பு கலந்த சட்ட அறிவிப்பு எவ்வளவு தவறோ, அவசரப்பட்ட மெமோவும் அவ்வளவு தவறு. விசாரித்தும் காரணம் இல்லை என்றால் அப்போது கொடுங்கள். வராத நாட்களின் தேதி, பதில் தர வேண்டிய நாள், இரண்டும் போதும். 'பொறுப்பற்ற', 'நன்றி கெட்ட' போன்ற சொற்கள் வேண்டாம்.

தந்தையை இழந்த ஊழியருக்கு எழுதுவதை உங்கள் அப்பா கையால் எழுதட்டும்.

லாஸ்பேட்டை: என் மாமனார் பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியர். தூதரகத்துக்கு எழுதும் கடிதத்தின் முடிவில் நீளமாக ஒரு மரியாதை வாக்கியம் வருகிறதே, அதை எடுத்துவிட்டு முறையாக முடிக்கலாமா?

எடுக்காதீர்கள். பிரெஞ்சு அலுவல் கடிதத்தில் அதுவே முறை. தமிழில் பார்த்தால் அன்பு வழிவது போலத் தோன்றும், அவ்வளவுதான். மற்றதை அந்த மொழி அறிந்தவரிடம் கேளுங்கள்.

கடலூர் முதுநகர்: வாழ்த்து அட்டைக்கு எந்த எழுத்துரு அழகாக இருக்கும்?

அது என் துறை அல்ல. அச்சகத்தில் கேளுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர், ஜவுளிக் கடை: வாழ்த்தோடு பாக்கியை 'நினைவூட்டல்' என்று மட்டும் போடலாமா, தொகை இல்லாமல்?

நெல்லிக்குப்பம் அரிசி மண்டிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். தொகை இல்லாவிட்டாலும் அதே பதில்தான்.

விருத்தாசலம், வட்டார அலுவலகம்: அரசுக் கடிதத்தில் அன்புக்கு இடமே இல்லையா?

உண்டு. நேர்முகக் கடிதம் அதற்காகத்தான் இருக்கிறது. இரண்டு மூன்று நினைவூட்டுக் கடிதத்துக்கும் பதில் வராதபோது, அதிகாரி தன் பெயரில், எதிரே இருப்பவரின் பெயரை விளித்து எழுதுவார். அச்சடித்த கடிதத்தில் விளிப்பையும் முடிவையும் மட்டும் கையால் எழுதுவது வழக்கம். ஆனால் ஆணையோ தண்டனையோ உரிமை மறுப்போ அதன் வழியாகப் போகக் கூடாது.

பண்ருட்டி, பலா மண்டி: பாக்கி வைத்தவர் இறந்துவிட்டார். கருமாதி முடிந்ததும் மகனுக்கு முறையான கடிதம் அனுப்பலாம் என்கிறான் என் தம்பி. ஒரு வருடமாவது பொறுக்க வேண்டும் என்கிறார் அம்மா. யார் சொல்வது சரி?

இரங்கல் இப்போதே, கையால், தனித்தாளில். பாக்கிக்கு, தந்தை விட்டுச் சென்ற சொத்தின் அளவுக்குத்தான் மகன் பொறுப்பு. அதனால் எழுதும்போது, 'நீங்கள் தர வேண்டும்' என்று எழுதாமல், 'தங்கள் தந்தையார் கணக்கில் உள்ளது' என்று எழுதுங்கள். எப்போது எழுதுவது என்பதை மூன்று ஆண்டுக் கெடுவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கெடு தொலைவில் இருந்தால் அம்மா சொல்வதுபோலப் பொறுக்கலாம், நெருங்கிவிட்டால் தம்பி சொல்வது. இரண்டுக்கும் நடுவே இருந்தால் எனக்குத் திட்டமான விடை இல்லை. நானாக இருந்தால் மகனே கடைப்பக்கம் வரும் வரை பார்ப்பேன். என்னோடு வேலை பார்த்தவர் 40 நாளுக்கு மேல் காத்திருந்ததில்லை, அவர் எழுதியதையும் யாரும் தவறாக எடுத்துக்கொண்டதில்லை. பில் தேதியை எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.