கூகுள் விளம்பரக் கணக்கு: கலைப்பதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: கோவையில் மாடுலர் கிச்சன் செய்து தருகிறோம். மூன்று வருடமாக கூகுளில் விளம்பரம் போகிறது, மாதம் சுமார் 60,000 ரூபாய் செலவு. ஆறு மாதமாக விசாரணைகள் குறைந்துவிட்டன. ஆனால் ரிப்போர்ட்டில் எல்லாம் நன்றாக இருப்பதாகவே காட்டுகிறது. புதிதாக வந்த ஏஜென்சி, பழைய கேம்பெய்ன்களை எல்லாம் எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம் என்கிறது. சம்மதிக்கலாமா?

பதில்: இப்போது சம்மதிக்க வேண்டாம். உங்கள் கணக்கைத் திறந்து ஒரு மணி நேரம்கூடப் பார்க்காத ஒருவர் அதைக் கலைத்துவிடலாம் என்று சொன்னால், அவர் நோயைக் கண்டுபிடித்துவிட்டார் என்று பொருளல்ல. பழையதைப் படிப்பதைவிடப் புதிதாகப் போடுவது அவருக்குச் சுலபம் என்றுதான் பொருள். கூகுள் தானாகவே ஏலத்தொகையை முடிவு செய்யும் முறையில் ஒரு கேம்பெய்ன் நிலைப்பட, ஏறத்தாழ 50 கன்வெர்ஷனோ மூன்று கன்வெர்ஷன் சுழற்சியோ ஆகலாம் என்று அந்நிறுவனமே கூறுகிறது. கன்வெர்ஷன் என்பது விளம்பரத்தால் கிடைத்த வெற்றி என்று கணக்கு எண்ணும் செயல், சுழற்சி என்பது கிளிக்கிலிருந்து அந்தச் செயல்வரை ஆகும் காலம். உங்களைப் போன்ற அளவுள்ள தொழிலுக்கு, அப்படி நிலைப்படும்வரை ஆவது ஏறத்தாழ ஒரு மாதத்துப் பணம். அந்தப் பணத்தைப் போடுவதற்கு முன், பழைய கணக்கில் என்ன கெட்டது என்று தெரிந்துகொள்வதே நியாயம். மேலும், நிறுத்தி வைத்த கேம்பெய்னை மறுபடி ஓடவிடலாம், நீக்கிய கேம்பெய்னை ஓடவிட முடியாது. ஆகவே யார் சொன்னாலும் எதையும் நீக்கிவிடாதீர்கள்.

முதலில் கணக்கு யாருடையது என்று பாருங்கள். மேல் மூலையில் இருக்கும் பத்து இலக்க எண்ணைக் குறித்துக்கொண்டு, Access and security என்ற பக்கத்தில் உங்கள் சொந்த மின்னஞ்சல் Admin என்ற நிலையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது Standard என்றோ Read only என்றோ இருந்தால், அல்லது உங்கள் பெயரே இல்லாவிட்டால், மூன்று வருடமாக நீங்கள் வாடகை வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தீர்கள் என்று அர்த்தம். இது அரிதாக நடப்பதல்ல. ஒரே கணக்கில் நான்கைந்து வாடிக்கையாளர்களின் விளம்பரங்களை ஓட்டி, யாருக்கும் உள்ளே நுழைய அனுமதி தராமல், மாதக் கடைசியில் தாங்களே தட்டச்சு செய்த எக்செல் தாளை அனுப்பும் இடைத்தரகர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நான் தணிக்கை செய்த ஒரு நிறுவனத்தில், விளம்பரச் செலவு என்று வாடிக்கையாளரிடம் மாதம் 50,000 வாங்கிய ஒருவர் கூகுளுக்குக் கட்டியது 31,000 மட்டுமே, அதற்கு மேல் நிர்வாகக் கட்டணம் வேறு தனியாக வாங்கியிருந்தார். ஒவ்வொரு விளம்பரதாரருக்கும் தனிக் கணக்கு வைக்க வேண்டும், கேட்டால் கணக்கு எண்ணைத் தர வேண்டும், செலவு, கிளிக் போன்ற அடிப்படை எண்களை மறைக்கக் கூடாது என்று ஏஜென்சிகளுக்கு கூகுள் விதி வைத்திருக்கிறது. அந்த விதியைப் பெரும்பாலும் யாரும் உங்களுக்குச் சொல்வதில்லை. எனவே கூகுள் வெளியிட்ட பில்லையே கேட்டு வாங்குங்கள். அதில் யாருடைய ஜிஎஸ்டி எண் இருக்கிறது என்று உங்கள் ஆடிட்டரிடம் காட்டுங்கள். 18 சதவீத வரியில் உள்ளீட்டு வரி வரவு உங்களுக்கு வருகிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

கணக்கு உங்களுடையதுதான் என்றால், தணிக்கை முடியும்வரை, சுமார் இரண்டு வாரத்துக்கு, யாரும் எதையும் மாற்றக் கூடாது என்று பழைய ஏஜென்சிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். ஓடுகிற அளவுகோலை வைத்து எதையும் அளக்க முடியாது. வலைத்தளத்தில் படிவம் வேலை செய்யாதிருந்தாலோ, விளம்பரத்தில் தவறான தொலைபேசி எண் இருந்தாலோ மட்டும் அதை உடனே சரிசெய்து தேதியைக் குறித்துக்கொள்ளலாம்.

அடுத்தது உங்கள் கேள்வியின் உயிர்நாடியான பகுதி: விசாரணை குறைந்திருக்க, ரிப்போர்ட் மட்டும் எப்படி நன்றாக இருக்க முடியும்? கணக்கு எதை வெற்றி என்று எண்ணுகிறது என்பதில்தான் விடை இருக்கும். ஈரோட்டில் சோலார் வாட்டர் ஹீட்டர் விற்கும் ஒருவரின் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு மாதத்தில் 54,000 ரூபாய் செலவில் 180 கன்வெர்ஷன், அதாவது ஒன்றுக்கு 300 ரூபாய் என்று திரையில் இருந்தது. அந்த 180-ஐ கன்வெர்ஷன் வகைவாரியாகப் பிரித்துப் பார்த்தோம். 62 பேர் தொடர்புப் பக்கத்தைத் திறந்து பார்த்திருந்தார்கள், வேறொன்றும் செய்யவில்லை. படிவம் அனுப்பப்பட்டது 40 முறை. அதே 40 படிவங்கள் அனலிட்டிக்ஸ் வழியாக இறக்கப்பட்டு இரண்டாவது தடவையும் எண்ணப்பட்டிருந்தன. மீதி 38 பேர் கைபேசியில் தொலைபேசி எண்ணைத் தொட்டவர்கள், அவர்கள் பேசினார்களா என்பது கணக்குக்குத் தெரியாது. பிறகு கடையின் விசாரணைப் பதிவேட்டை எடுத்து ஒப்பிட்டோம். ஒரே ஆள் மூன்று தடவை அனுப்பிய படிவங்களை ஒன்றாக்கியபோது 40 என்பது 31 ஆயிற்று, உண்மையில் பேசிய புதிய வாடிக்கையாளர்கள் 14 பேர். மொத்தம் 45. ஒரு விசாரணைக்கு ஆன செலவு 300 அல்ல, 1,200 ரூபாய்.

இதில் வெறும் எண் பிழையை விடப் பெரிய சேதம் ஒன்று உண்டு. கூகுளின் தானியங்கி ஏலம், நீங்கள் எதை வெற்றி என்று சொல்கிறீர்களோ அதையே தேடி அலையும். தொடர்புப் பக்கத்தைத் திறப்பதும் வெற்றி என்று சொன்னதால், பக்கம் பார்ப்பவர்களையே அது மலிவாகப் பிடித்து வந்து கொடுத்தது. இயந்திரம் கேட்டதைச் செய்தது, கேட்டவர்தான் தவறாகக் கேட்டிருந்தார். உங்கள் கணக்கில் Goals பகுதியைத் திறந்து, Primary என்று, அதாவது ஏலம் தேட வேண்டிய வெற்றி என்று, குறிக்கப்பட்டவை எவை, அவற்றில் ஒரே செயல் இருமுறை வருகிறதா, Count என்ற இடத்தில் Every என்று இருக்கிறதா One என்று இருக்கிறதா என்று பாருங்கள். Every என்றால் ஒரு கிளிக்குக்குப் பின் வரும் ஒவ்வொரு செயலும் எண்ணப்படும், One என்றால் ஒன்று மட்டுமே. விசாரணை வழி நடக்கும் தொழிலுக்கு One என்பதே பொருந்தும். கடந்த பன்னிரண்டு மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கடைசி இரண்டு வாரத்தை விட்டுவிடுங்கள், ஏனெனில் இன்று வரும் விசாரணை, கிளிக் செய்த பழைய தேதியின் கணக்கில்தான் ஏறும், அதனால் அண்மை நாட்கள் எப்போதும் மெலிந்தே தெரியும். போன மாதத்தோடு ஒப்பிடாமல் போன வருடத்து அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் புதுமனை புகுவோர் குறைவு என்பது உங்களுக்கே தெரியும், அதை விளம்பரத்தின் தோல்வி என்று எழுதிவிடக் கூடாது.

எண்ணிக்கை தெளிவானதும், உண்மையான சரிவு எந்த வாரத்தில் தொடங்கியது என்று பதிவேட்டிலிருந்து கண்டுபிடித்து, அதற்கு முந்திய மூன்று வாரங்களை Change history பக்கத்தில் படியுங்கள். இரண்டு வருடம்வரை யார், எந்தத் தேதியில், எதை மாற்றினார் என்பதை அது வைத்திருக்கும். நான் சொன்ன ஈரோட்டுக் கணக்கில் சரிவுக்கு இரண்டு வாரம் முன்பு, தேடல் சொற்கள் எல்லாம், தொடர்புள்ளதாகத் தோன்றும் எந்தத் தேடலுக்கும் விளம்பரம் காட்டும் Broad match என்ற மிகத் தளர்வான பொருத்தத்துக்கு மாறியிருந்தன. மாற்றியவர் மனிதரே அல்ல, கூகுளின் பரிந்துரை தானாகவே செயல்பட்டிருந்தது. எப்போதோ ஒருநாள், கணக்குக்கு கூகுள் போடும் Optimization score என்ற மதிப்பெண்ணைக் கூட்டலாம் என்று தொலைபேசியில் யாரோ சொன்னதைக் கேட்டு, தானாகச் செயல்பட அனுமதிக்கும் பெட்டியில் டிக் செய்திருக்கிறார்கள். அந்த மதிப்பெண் 100 சதவீதம் ஆவதால் உங்களுக்கு ஒரு சமையலறைகூட விற்காது. பரிந்துரையை நிராகரித்தாலும் அது கூடும் என்பதே அதன் லட்சணத்தைச் சொல்லும். விளம்பரப் பணம் வாங்குகிறவரே செலவைக் கூட்டும் யோசனையையும் சொல்லி, அதைக் கேட்காமலே செய்துகொள்ளும் வசதியையும் வைத்திருப்பதை, வேறு எந்தத் தொழிலிலும் நாம் பொறுத்துக்கொள்ள மாட்டோம்.

பணம் எங்கே போனது என்பதற்கு Search terms அறிக்கையைச் செலவு வரிசைப்படி அடுக்கிப் படியுங்கள். modular kitchen images, kitchen carpenter job போன்றவற்றில் எவ்வளவு போயிருக்கிறது என்று தனியே கூட்டுங்கள். மக்கள் தேடிய எல்லாச் சொற்களும் அதில் வராது, 2020 முதல் ஒரு பகுதியை கூகுள் காட்டுவதில்லை. இருந்தாலும் பெரிய ஓட்டைகள் தெரிந்துவிடும்.

இடம் பற்றிய அமைப்பில் ஒரு பொதுவான பொறி உண்டு. கோவை என்று மட்டும் தேர்ந்தெடுத்திருந்தாலும், Presence or interest என்ற இயல்பு அமைப்பில், கோவையில் இல்லாமல் கோவையைப் பற்றித் தேடுகிறவருக்கும் விளம்பரம் காட்டப்படும். இதை உடனே Presence என்று மாற்றிவிடு என்பதுதான் எல்லோரும் சொல்லும் ஆலோசனை, பெரும்பாலான கடைகளுக்கு நானும் அதையே சொல்வேன். உங்கள் தொழிலுக்கு மட்டும் அவசரப்பட வேண்டாம். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு சரவணம்பட்டியில் வீடு கட்டுகிறவர் மாடுலர் கிச்சனை அங்கிருந்தேதான் தேடுகிறார், பெரும்பாலும் விலையில் குறைவாகவே பேரம் பேசி, வேலையில் கூடுதல் தரம் எதிர்பார்க்கிறார். கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால், அவர் ஒரே நாளில் காணாமல் போவார், எதனால் போனார் என்றும் தெரியாது. ஆகவே விளம்பரம் பார்த்தவர்கள் இருந்த ஊர்களைக் காட்டும் அறிக்கையை எடுத்து, வளைகுடாவிலிருந்து வந்த கிளிக்குகளுக்கு ஆன செலவையும், உங்கள் பதிவேட்டில் வெளிநாட்டு எண்ணிலிருந்து வந்து முடிவான ஆர்டர்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆர்டர் இருந்தால் அவர்களுக்கென்று தனி கேம்பெய்ன் தொடங்கிய பிறகே, உள்ளூர் கேம்பெய்னை Presence ஆக்க வேண்டும். ஆர்டர் ஒன்றுகூட இல்லை, செலவு மட்டும் ஹைதராபாத்திலும் டெல்லியிலும் போகிறது என்றால், தயங்காமல் மாற்றலாம்.

இவ்வளவும் பார்த்த பின் திருத்தத் தொடங்கும்போது, எண்ணிக்கையை முதலில் சரிசெய்யுங்கள். அப்போது ஒரு கண்ணி காத்திருக்கும். ஈரோட்டு எண்களையே எடுத்துக்கொண்டால், பழைய பொய்யான எண்ணிக்கையை வைத்து, ஒரு கன்வெர்ஷனுக்கு 300 ரூபாய் என்று இலக்கு வைத்திருப்பார்கள். நீங்கள் போலிகளை நீக்கிய மறுநாளிலிருந்து உண்மையான விலை 1,200 ஆகத் தெரியும். இலக்கு 300-லேயே நின்றால், இந்த விலைக்கு ஆள் கிடைக்காது என்று இயந்திரம் ஏலத்தில் கலந்துகொள்வதையே குறைத்துவிடும், விளம்பரம் படுத்துவிடும், எண்ணிக்கையைத் திருத்தியதுதான் தவறு என்று எல்லோரும் சொல்வார்கள். எனவே கன்வெர்ஷனைத் திருத்தும் அதே நாளில் இலக்கையும் உண்மை விலைக்கு உயர்த்திவிட்டு, மூன்று நான்கு வாரம் வேறொன்றையும் தொடாமல் பதிவேட்டோடு ஒப்பிட்டு வாருங்கள். வேண்டாத தேடல்களைத் தடுப்பதும், தானியங்கிப் பரிந்துரைகளை அணைப்பதும் அதற்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் போதும்.

புதிய ஏஜென்சிக்கு இப்போதைக்கு Read only அனுமதி மட்டும் கொடுங்கள். தணிக்கை செய்ய அதுவே போதும். பார்ப்பதற்கே Admin வேண்டும் என்று வற்புறுத்தினால், அல்லது சரிவு எந்த வாரத்தில் தொடங்கியது, அதற்கு முன் கணக்கில் என்ன மாறியது என்ற இரண்டு கேள்விக்குத் தேதியோடு பதில் தர முடியாவிட்டால், அவர்களிடம் கணக்கை ஒப்படைக்க வேண்டாம்.