பெரிய குரூப்பில் நம்மைக் கேட்டது நம் கண்ணில் பட என்ன செய்யலாம்?

மன்னார்குடிப் பக்கம் ஒரு வாய்க்கால் விவசாயிகளின் வாட்ஸ்அப் குரூப்புக்கு நான் அட்மின். 600 பேர் இருக்கிறோம். வந்த கேள்விகளுக்கு என் அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

நீடாமங்கலம், அறுவடை மெஷின் வைத்திருப்பவர்: "மியூட் போட்டால் வேலை கேட்டு வருகிறவர்களைத் தவற விடுகிறேன். போடாவிட்டால் ராத்திரி முழுக்க போன் சத்தம். என்ன பண்ணுவது?"

தாராளமாக மியூட் போடுங்கள், அண்ணே. குரூப்பை மியூட் செய்தாலும், யாராவது உங்களை @ போட்டுக் கூப்பிட்டாலோ உங்கள் மெசேஜுக்கு ரிப்ளை கொடுத்தாலோ உங்களுக்கு அறிவிப்பு வரும். ஆனால் கூப்பிடுகிறவரோடு இருக்கும் தனி சாட்டையும் மியூட் செய்திருந்தால் அது வராது. அதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். குரூப்பைத் திறந்தால் கீழே அம்புக்குறிக்கு மேல் வட்டமாக ஒரு @ நிற்கும். அதைத் தொட்டால் உங்களைக் கூப்பிட்ட இடத்துக்கே நேராகப் போய்விடலாம், 200 மெசேஜைத் தள்ளிக்கொண்டு போக வேண்டாம். அப்புறம், வேலை கேட்கிறவர்களிடம் @ போட்டுக் கேளுங்கள் என்று நீங்களே சொல்லி வையுங்கள்.

திருத்துறைப்பூண்டி: "நானும் @ போட்டுத்தான் பெயரை எழுதுகிறேன். அவருக்கு வரவில்லையாம். 500 பேருக்கு மேல் போனால் @ வேலை செய்யாது என்கிறார்களே, அதுதானே காரணம்?"

ஆள் எண்ணிக்கை காரணம் இல்லை, ஐயா. பெயரை முழுக்கக் கையால் எழுதிவிட்டால் அது வெறும் எழுத்துதான். @ போட்டதும் மேலே பெயர்ப் பட்டியல் விரியும், அதில் இருக்கும் பெயரைத் தொட வேண்டும். தொட்ட பிறகு பெயர் வேறு நிறத்தில் தெரிந்தால்தான் அவருக்குப் போகும். பட்டியலில் நீங்கள் போனில் பதிந்த பெயர்தான் வரும். Murugan என்று ஆங்கிலத்தில் பதிந்துவிட்டு "முரு" என்று தேடினால் கிடைக்காது. ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் படத்தைப் பார்த்துத் தொடுங்கள்.

குத்தாலம், கல்லூரி மாணவர்: "ரிப்ளை பண்ணினாலே அவருக்குப் போய்விடுமே. @ எதற்கு?"

பாதி சரி, தம்பி. ரிப்ளை கொடுத்தால் அந்த மெசேஜை எழுதியவருக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும். எங்கள் குரூப்பில் குறுவை அறுவடையின்போது நடந்ததைச் சொல்கிறேன். மெஷின் டிரைவர் "நாளைக்குத் தென்கரையில் இறங்குகிறேன்" என்று போட்டார். அடியில் ஆறு பேர் "எனக்கும் ஒரு ஏக்கர்", "எப்போ வரும்?" என்று எழுதினார்கள். ஒருவர் டிரைவரின் மெசேஜுக்கு ரிப்ளையாகக் கேட்டார், மற்றவர்கள் சும்மா எழுதினார்கள். சாயங்காலம், இடையில் 40 மெசேஜ் ஓடிய பிறகு, டிரைவர் யாருக்கென்று காட்டாமல் "சரி, வர்றேன்" என்று மட்டும் போட்டார். மூன்று பேர் தங்களுக்கென்று நினைத்து வேறு மெஷினைக் கேட்காமல் விட்டுவிட்டார்கள். மறுநாள் மெஷின் வந்தது அந்த மூவரில் ஒருவர் வயலுக்கு மட்டும். அதற்கடுத்த நாள் மழை, மற்ற இருவரில் ஒருவருடைய கதிர் சாய்ந்துவிட்டது.

மெஷின் போன அந்த ஒருவரின் மெசேஜை வலப்பக்கம் இழுத்து "சரி, காலை 10 மணிக்கு வர்றேன்" என்று டிரைவர் போட்டிருந்தால் மற்ற இருவரும் அன்றைக்கே வேறு ஆளைப் பார்த்திருப்பார்கள். இன்னொரு விவசாயியின் கேள்வியைக் காட்டி டிரைவரைக் கூப்பிட வேண்டுமானால், கேள்விக்கு ரிப்ளை கொடுத்து, அதற்குள்ளேயே டிரைவரை @ போட வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் யாரை, எதைப் பற்றிக் கேட்கிறோம் என்பது தெரியும்.

வலங்கைமான், ஒரு அக்கா: "எனக்கு எழுத வராது, வாய்ஸ்தான். கொள்முதல் நிலையத்தில் என் மூட்டை மூணு நாளாகக் கிடக்கிறது. தம்பி, நீங்களே கேட்டுச் சொல்லுங்கள்."

மூட்டை விவரத்தைத் தனியாக அனுப்புங்கள் அக்கா, விசாரிக்கிறேன். குரூப்பில் நீங்களே கேட்பதற்கும் வழி இருக்கிறது. வாய்ஸுக்குள் பெயரைச் சொன்னால் @ ஆகாது. ஆனால் நிலையத்துக்காரர் கடைசியாகப் போட்ட மெசேஜை வலப்பக்கம் இழுத்துவிட்டு, மைக்கை அழுத்திப் பேசுங்கள். உங்கள் குரல் அந்த மெசேஜுக்கு ரிப்ளையாகப் போகும், அவருக்கு அறிவிப்பும் போகும்.

திருவையாறு, மூத்த விவசாயி: "கரை உடைந்தால் @ போட்டுக்கொண்டா இருப்பது? போன் பண்ண வேண்டியதுதானே?"

நீங்கள் சொல்வதுதான் சரி, ஐயா. நீங்கள் கூப்பிடுகிறவர் நெட்டை அணைத்திருந்தால் @ அப்போதைக்குப் போய்ச் சேராது. நீங்கள் போட்ட மெசேஜை அழுத்திப் பிடித்துத் தகவல் பகுதியைத் திறந்தால் யார் படித்தார்கள் என்று தெரியும். அதில் அவர் பெயர் இல்லையென்றால் உடனே கூப்பிடுங்கள். ராத்திரி முறைத் தண்ணீருக்கு @ போடலாமா கூடாதா என்பதில் எங்கள் குரூப்பிலேயே இன்னும் ஒத்த கருத்து இல்லை. கடைமடைக்காரர்கள் போட வேண்டும் என்கிறார்கள், தலைமடைக்காரர்கள் வேண்டாம் என்கிறார்கள். என்னைக் கேட்டால், மடை திறக்க வேண்டிய அந்த ஒருவரை மட்டும் போடலாம்.