தாளவாடிக்குக் கார்: பம்பர் உடைந்தால் எங்கே போவீர்கள்?

"ஊர் தாளவாடி. மாருதி பிரெஸ்ஸாவா, ஸ்கோடா கைலாக்கா? ஓட்டிப் பார்த்ததில் கைலாக்தான் பிடித்தது."

ஓட்ட அது அருமைதாங்க. ஆயில் சர்வீஸுக்குக் கோவை வரை போவதும் பெரிய விஷயமில்லை. ஆனால் மான் குறுக்கே பாய்ந்து பம்பரும் ரேடியேட்டரும் போய்விட்டால்? வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவும் இறங்கணும். அந்தப் பாதையில் ராத்திரி வண்டி போகக் கட்டுப்பாடு வேறு. கர்நாடகாவின் சாம்ராஜ்நகர் பக்கம் போனால் அந்தத் தொல்லை இல்லை.

அதனால் இரண்டு கம்பெனிக்கும் உங்களுக்குப் பக்கத்து ஒர்க்‌ஷாப் எதுவோ, அங்கேயே நேராகப் போன் போடுங்கள். ஷோரூம்காரரிடம் கேட்காதீர்கள், அவர் எல்லாம் இருக்கு என்பார். டிங்கரிங், பெயிண்ட் அங்கேயே நடக்குமா, பெரிய ஊருக்கு அனுப்புவார்களா? ரேடியேட்டர், கிளட்ச் ஸ்டாக் உண்டா? சின்ன ஊர் சென்டர் பலவற்றில் பெயிண்ட் பூத்தே இருக்காது. கைலாக் ஒர்க்‌ஷாப்காரர் பதில் சொல்லத் தயங்கினால், பிரெஸ்ஸாவை எடுங்கள்.