ஸ்டாக் திருத்தத்தில் திருட்டு ஒளியாமல் இருக்க

கேள்வி: கடையில் ஸ்டாக் குறைந்தால் 'சேதம்' என்று போட்டுச் சரிசெய்துவிடுகிறார்கள். திருட்டு இதில் மறையாமல் தடுப்பது எப்படி?

முதலில் 'மற்றவை' என்ற காரணக் குறியீட்டைத் தூக்குங்கள், எல்லாம் அதில்தான் போய் ஒளியும். உடைந்தது, காலாவதி, காரணம் தெரியாத குறைவு என்று தனித்தனியாக இருக்கட்டும். 'உடைந்தது' என்றால் ஒப்புதல் தருபவர் அந்த உடைந்த பொருளைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும், காட்ட முடியாவிட்டால் அது காரணம் தெரியாத குறைவுதான். பதிவு போட்டவரே ஒப்புதல் தரக் கூடாது.

அப்புறம் வரம்பு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 500 ரூபாய்க்கு மேல் போனால் மேனேஜர் ஒப்புதல் என்று வைத்தால், 280 ரூபாய் நெய் பாட்டில் நாலு காணாமல் போனதை நாலு நாளில் ஒவ்வொன்றாகப் போடுவார்கள், மேனேஜரிடம் எதுவுமே வராது. வரம்பை ஒரு பதிவுக்கு இல்லாமல், ஒரு பொருளின் மாத மொத்தத்துக்கு வையுங்கள். இரண்டாவது பாட்டிலிலேயே 560 ஆகி மாட்டும்.