ஃபாரெக்ஸ் கார்டு ரசீதில் உண்மையான மார்ஜினைக் கண்டுபிடிப்பது: கேள்வி பதில்

கேள்வி: 1,000 டாலர் லோடு செய்தேன். ரேட் 87.20. "ஜீரோ கமிஷன்" என்றார்கள், ஆனால் லோடிங் சார்ஜ் 150 என்று ரசீதில் இருக்கிறது. மொத்தம் 87,533.96 ரூபாய். இதில் எவ்வளவு அவர்களுக்குப் போனது?

பதில்: முதலில் அந்த நாளின் சந்தை வர்த்தகத்தை வைத்துக் கணக்கிடப்படும் ரெஃபரன்ஸ் ரேட்டை fbil.org.in தளத்தில் பாருங்கள். ஒரு டாலருக்கு 85.50 என்று இருந்ததாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் 1,000 டாலரின் அடிப்படை மதிப்பு 85,500. கார்டு ரேட்டில் அது 87,200 ஆகிவிட்டது. வித்தியாசமான 1,700 ரூபாய்தான் ரேட்டுக்குள் ஒளிந்திருக்கும் மார்ஜின். 1,700-ஐ 85,500-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 1.99 சதவீதம்.

மீதி வெளிப்படையானது. லோடிங் சார்ஜ் 150, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 27. பிறகு நாணய மாற்றத்துக்கான ஜிஎஸ்டி 156.96. எல்லாம் சேர்த்து 2,033.96 ரூபாய், அதாவது 2.38 சதவீதம். உங்களுக்கு ஒரு டாலர் உண்மையில் 87.53-க்கு விழுந்திருக்கிறது. இரண்டு இடங்களை ஒப்பிடும்போது இந்த ஒரு எண்ணை மட்டும் பாருங்கள். "ஜீரோ கமிஷன்" என்பது ரேட்டைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை.

கேள்வி: ஜிஎஸ்டி 18 சதவீதம்தானே? 87,200-க்கு 15,696 வரவேண்டும். 156.96 தப்பாக இருக்கிறதே?

பதில்: விகிதம் நீங்கள் சொல்வதுதான். ஆனால் அது மாற்றிய முழுத் தொகைக்கும் விழாது. 1 லட்சம் ரூபாய் வரை தொகையில் 1 சதவீதத்தை மட்டும் சேவையின் மதிப்பாக எடுத்து, அதன் மேல் 18 சதவீதம் போடுவார்கள். 87,200-இல் 1 சதவீதம் 872, அதற்கு வரி 156.96. சரியாகத்தான் இருக்கிறது. சின்னத் தொகைக்குக் குறைந்தபட்ச மதிப்பு 250 ரூபாய், ஆகவே வரி 45-க்குக் கீழே இறங்காது. 100 டாலராகப் பிரித்துப் பிரித்து லோடு செய்பவர்கள் ஒவ்வொரு முறையும் இந்த 45-ஐயும் லோடிங் சார்ஜையும் கட்டுகிறார்கள்.

கேள்வி: வங்கி தன் தளத்தில் தினமும் ரேட் போடுகிறதே. என் ரசீது அதோடு பைசா பிசகாமல் ஒத்துப்போகிறது. அப்படியானால் மார்ஜின் இல்லை என்றுதானே அர்த்தம்?

பதில்: அறிவித்த ரேட்டைத்தான் போட்டிருக்கிறார்கள் என்பது வரைக்கும் சரி, அதையும் சரிபார்க்கத்தான் வேண்டும். ஆனால் அது விற்கும் ரேட். மார்ஜின் ஏற்கெனவே அதற்குள் இருக்கிறது. அளவுகோல் வெளியிலிருந்து வரவேண்டும்.

அந்த அளவுகோலுக்கும் ஓர் எல்லை உண்டு. ரெஃபரன்ஸ் ரேட் காலை 11.30 முதல் 12.30 வரை நடந்த வர்த்தகத்தை வைத்துக் கணக்கிடப்பட்டு மதியம் 1.30 வாக்கில் வெளியாகிறது. காலை 10 மணிக்கு லோடு செய்தவர் முந்தைய வேலை நாளின் ரேட்டோடும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். சனி, ஞாயிறு என்றால் வெள்ளிக்கிழமை ரேட். இரண்டு ரேட்டுக்கும் நடுவே 20 பைசா ஓடியிருந்தால் மார்ஜின் கணக்கும் கால் சதவீதம் போல ஆடும். அதைத் துல்லியமாகப் பிரிக்க ரசீதில் வழி இல்லை. யென் கார்டு என்றால் கவனம்: அங்கே ரேட் 100 யென்னுக்கு.

கேள்வி: என் பையன் சுவிட்சர்லாந்தில் 100 ஃபிராங்க் செலவழித்தான். டாலர் கார்டில் 129.38 டாலர் போயிருக்கிறது. லோடு செய்த ரேட் நல்ல ரேட்தான். கடைக்காரர் கூடுதலாக எடுத்தாரா?

பதில்: கடைக்காரர் இல்லை. இது லோடு ரசீதில் வராத இன்னொரு மார்ஜின். கார்டில் இல்லாத நாணயத்தில் செலவு செய்தால் கிராஸ் கரன்சி சார்ஜ் பிடிப்பார்கள். கார்டில் விசா அல்லது மாஸ்டர்கார்டு, எந்தப் பெயர் இருக்கிறதோ அந்த நிறுவனத்தின் தளத்தில் நாணயக் கணிப்பான் இருக்கிறது. அதில் வங்கிக் கட்டணத்தை 0 என்று கொடுத்து, தேதியைப் போட்டுப் பாருங்கள். 100 ஃபிராங்க் 125 டாலர் என்று வந்தால், மீதி 4.38 டாலர் 3.5 சதவீதம். பல கார்டுகளின் கட்டணப் பட்டியலில் காணும் எண் இதுதான். கணக்கு ஒட்டவில்லை என்றால் வாங்கிய தேதிக்குப் பதில் ஸ்டேட்மென்ட்டில் பதிவான தேதியைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் பிசகும்.

கேள்வி: நான் 12 லட்சம் அனுப்பினேன், டிசிஎஸ் பிடித்தார்கள். அதையும் மார்ஜினில் சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். அது உங்கள் பான் எண்ணில் வரவாகும் வரி. வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். பணம் சில மாதம் முடங்கும், அவ்வளவுதான்.

கேள்வி: மீதி 200 டாலரைத் திரும்பக் கொடுத்தால் அதே ரேட் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. இப்போது அவர்கள் வாங்கும் ரேட், அது ரெஃபரன்ஸ் ரேட்டுக்குக் கீழே இருக்கும். ரெஃபரன்ஸ் 85.50 இருக்கும்போது 83.90 கொடுத்தால், 200 டாலருக்கு 320 ரூபாய் போகிறது. போகும்போது அதே 200-க்கு 340 மார்ஜின் கொடுத்திருக்கிறீர்கள். இரண்டும் சேர்ந்து 660, ஜிஎஸ்டி தனி. அடுத்த பயணம் அருகில் இருந்தால் கார்டிலேயே விடலாமா என்பது உங்கள் கார்டு சும்மா கிடந்தால் பராமரிப்புக் கட்டணம் பிடிக்கிறதா என்பதைப் பொறுத்தது. கட்டணப் பட்டியலை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.