மேல்மாடியில் வோல்ட்டேஜ் குறைகிறது. டேப்பை எவ்வளவு மாற்றுவது?

"11 கேவி/400 வோல்ட், 1000 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர். முழு லோடில் மேல்மாடி பேனலில் 375 வோல்ட்தான் வருகிறது. டேப்பை −5%-க்கு மாற்றிவிடலாமா?"

வேண்டாம், −2.5% போதும். முதலில் வோல்ட்டேஜ் எங்கே போகிறது என்று பார்ப்போம். டிரான்ஸ்ஃபார்மரின் R 1.2%, X 4.8%, பவர் ஃபேக்டர் 0.8 என்று வைத்துக்கொண்டால், `R·cosφ + X·sinφ` = 3.84%. கேபிளில் ஒரு 2.5%. மொத்தம் 6.3%, உங்கள் 375 சரியாக வந்துவிடுகிறது.

−5% டேப்பில் அதே பேனலில் 394 கிடைக்கும், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் நள்ளிரவில் லோடே இல்லாமல், வரும் 11 கேவியும் 3% ஏறினால் 434 வோல்ட், அதாவது ஒரு ஃபேஸுக்கு 250. −2.5%-இல் பகலில் 384, இரவில் 423. இரண்டுமே தாங்கும்.

பலர் மறப்பது கெப்பாசிட்டரை. 300 கேவிஏஆர் இரவிலும் இணைப்பிலேயே கிடந்தால் இன்னொரு 1.4% ஏறும். அதனால் லோட் ஃப்ளோவை முழு லோடுக்கு மட்டும் ஓட்டாமல் இரவு நிலைக்கும் ஓட்டுங்கள்.

அப்புறம், கழித்தல் குறி உயர் அழுத்தச் சுற்றின் திருப்பங்களுக்கானது. அவை குறைந்தால் இந்தப் பக்கம் வோல்ட்டேஜ் ஏறும். ஆஃப்-சர்க்யூட் டேப் என்றால், இரு பக்க மின்சாரத்தையும் துண்டித்த பிறகே கை வையுங்கள்.