மின்வெட்டில் லிப்டுக்குள் அகப்பட்டால்: யாழ்ப்பாண வாசகர்களின் கேள்விகளுக்கு ஒரு லிப்ட் பராமரிப்பாளரின் பதில்கள்

கேள்வி (திருநெல்வேலி): கரண்ட் போனால் லிப்ட் அறுந்து விழாதா, ஐயா? உள்ளே காற்றும் முடிந்துவிடுமே?

பதில்: விழாது, அம்மா. மோட்டரின் தடுப்பானை விரித்துப் பிடித்திருப்பதே மின்சாரம்தான். அது போன கணத்திலேயே சுருள்வில்கள் தடுப்பானை இறுக்கிவிடுவதால், லிப்ட் இடையில் நிற்பது பாதுகாப்பான நிலையே ஆகும். பெட்டியில் காற்று புகும் இடைவெளிகளும் உண்டு. மின்விசிறி நிற்பதால் ஏற்படும் புழுக்கத்தையே பலர் மூச்சுத்திணறல் என்று எண்ணிவிடுகிறார்கள். மணி அடையாளமுள்ள பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து, மறுமுனையில் பேசுபவருக்குக் கட்டடத்தின் பெயரையும், கடைசியாகக் கண்ட மாடி எண்ணையும் சொல்லிவிட்டு, தரையில் அமர்ந்திருங்கள்.

கேள்வி (கொக்குவில்): போன மாதம் நான் கதவைக் கையால் விரித்துக் கீழ்மாடியில் குதித்து வெளியேறினேன். அதுதானே விரைவான வழி?

பதில்: தம்பி, நீங்கள் தப்பியது அதிர்ஷ்டம். பெட்டியின் தரை மாடித் தளத்தைவிட 120 சென்றிமீற்றர் உயரத்தில் நின்றதாக வைத்துக்கொள்வோம். பெட்டியின் அடியில் தொங்கும் தடுப்புத் தகடு ஏறத்தாழ 75 சென்றிமீற்றர் வரையே மறைக்கும். மீதி 45 சென்றிமீற்றர் இடைவெளி நேரே லிப்ட் குழிக்குள் திறந்திருக்கும். விளிம்பைப் பிடித்துச் சறுக்கி இறங்குபவரின் உடல் பின்புறமாக ஊசலாடி அந்த இடைவெளிக்குள் நுழைந்துவிடும். பழைய லிப்டுகள் சிலவற்றில் அந்தத் தகடு இன்னும் குட்டையானது. கதவுக்கு வெளியே காவலாளி சாவியுடன் வந்து நின்றாலும், லிப்டின் பிரதான ஆளியை நிறுத்திவிட்டாரா என்று முதலில் கேளுங்கள். மின்பிறப்பாக்கி இயங்கத் தொடங்கினால் பெட்டி திடீரென நகரக்கூடும்.

கேள்வி (சுண்டிக்குளி): நெருப்பு மணி அடித்தால் லிப்ட் தானாகவே தரைத்தளத்துக்கு வந்து திறக்குமாம். அப்படியென்றால் அதிலேயே இறங்கலாம்தானே?

பதில்: பாதி சரி. எச்சரிக்கை அமைப்போடு இணைக்கப்பட்ட லிப்டுகள், ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களைத்தான் அப்படிக் கொண்டுவந்து விடுகின்றன. வெளியே நிற்பவர் படிக்கட்டையே பயன்படுத்த வேண்டும். இணைப்பில்லாத லிப்டில் இருந்தால் அடுத்து வரும் மாடியின் பொத்தானை அழுத்தி இறங்கிவிடுங்கள். கதவு திறக்கையில் புகை தெரிந்தால் உடனே மூடி வேறு மாடிக்குச் செல்லுங்கள். இடையில் நின்றுவிட்டால் 110 ஐ அழைத்து, 'லிப்டுக்குள் இருக்கிறோம்' என்பதையே முதலில் சொல்லுங்கள், ஏனெனில் எல்லோரும் இறங்கிவிட்டதாக வெளியே நிற்பவர்கள் நினைத்துவிடலாம்.

கேள்வி (நல்லூர்): எங்கள் வீட்டு லிப்டில் வயதான அம்மா ஏறுவார். ஜெனரேட்டர் இருக்கிறது, அது போதும்தானே?

பதில்: ஜெனரேட்டர் இயங்கத் தவறும் நாளில் என்ன நடக்கும் என்பதே கேள்வி. மின்சாரம் போனாலும் பற்றரியின் உதவியால் அண்மைய மாடியை அடைந்து கதவைத் திறக்கும் வசதி பல வீட்டு லிப்டுகளில் உண்டு. உங்களுடையதில் உண்டா என்பதைப் பார்க்காமல் நான் கூற இயலாது. அடுத்த பராமரிப்பு நாளில், வெற்று லிப்டை இரு மாடிகளுக்கு இடையில் வைத்து, பிரதான ஆளியை நிறுத்திக் காட்டும்படி திருத்துநரிடம் கேளுங்கள். பற்றரி பழுதாகியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.